காலையில் மெத்தென்று வரும் பால் நுரை, மதியம் குமிழ் குமிழாக உடைவது ஏன்?

தேவி திருச்சி

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில் சின்னதாக ஒரு காபிக் கடை வைத்திருக்கிறேன். எஸ்பிரஸோ மெஷின் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. காலை ஏழு மணிக்குக் கப்புச்சினோ போட்டால் நுரை பளபளவென்று, கரண்டியில் எடுத்தால் வழுக்கி விழுகிற மாதிரி வருகிறது. மூன்று மணிக்கு மேல் அதே பால், அதே ஜக்கு, அதே கை. ஆனால் பெரிய பெரிய குமிழாக வருகிறது, காதை வைத்தால் சோப்பு நுரை மாதிரி சொரசொரவென்று உடைகிற சத்தம் கேட்கிறது. கப்பில் ஊற்றி ஒரு நிமிடத்துக்குள் மேலே வெறும் நுரை, கீழே வெறும் பால் என்று பிரிந்துவிடுகிறது.

நான் வாங்குவது டோன்டு பால், கொழுப்பு 3 சதவீதம். விடியற்காலையில் பாக்கெட் வந்துவிடும். பாலைக் காய்ச்சாமல் அப்படியே ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கிறேன். மெஷின் பார்க்க வந்தவர் ஆவியின் அழுத்தம் சரியாக இருக்கிறது என்றார். மதியத்துக்கு மேல் பாலுக்கு என்னதான் ஆகிறது?

கார்த்தி எஸ்பிரஸோ

அக்கா, கொழுப்பு குறைவு, அதுதான் பிரச்சினை. நுரை நிற்பதற்குக் கொழுப்பு வேண்டும். கேக் கடையில் கிரீமை அடிக்கிறார்களே, அது நிற்பது கொழுப்பால்தானே. 6 சதவீதம் உள்ள ஃபுல் கிரீம் பாலுக்கு மாறிப் பாருங்கள். அப்புறம் பால் சில்லென்று இருக்க வேண்டும். குளிர்ந்த பாலில் காற்று அதிகம் கரையும், அந்தக் காற்றுதான் நுரையாக வெளியே வருகிறது.

மீனா அம்மாள்

தேவி, பால் உடைகிறது என்றால் திரிகிறது என்றுதானே சொல்கிறாய்? வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் எங்கள் வீட்டிலும் அப்படி ஆகும். காய்ச்சும்போது ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் திரியாது. காய்ச்சாமல் எதற்கு வைத்திருக்கிறாய்? வந்தவுடன் காய்ச்சிவிடு.

இன்னொன்று. நான் கும்பகோணத்துக்காரி. கொதிக்கிற பாலைத்தான் டிகாஷனில் ஊற்றி, டவராவுக்கும் டம்ளருக்கும் நாலு தரம் ஆற்றுவோம். ஒரு விரல் உயரத்துக்கு நுரை நிற்கும். சில்லென்ற பாலில் நுரை வரும் என்பதை நான் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

பால்பண்ணை சண்முகம்

பால் தர ஆய்வகத்தில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். முதலில் மீனா அம்மாவுக்கு: தேவி சொல்வது திரிதல் இல்லை, நுரைக் குமிழ் உடைவது. சோடா போட்டால் காபியின் ருசிதான் கெடும். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயம் மிக முக்கியமானது. கொதிக்கிற பாலும் நன்றாக நுரைக்கிறது, சில்லென்ற பாலும் நுரைக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் ஏதோ கெடுகிறது. அதற்கு வருகிறேன்.

தம்பி கார்த்தி, கிரீம் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, பாலுக்கு அது பொருந்தாது. கிரீமில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் கொழுப்பு. சில்லென்று அடிக்கும்போது அந்தக் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு குமிழைச் சுற்றிச் சுவராக நிற்கின்றன. 3 சதவீதத்திலும் 6 சதவீதத்திலும் அப்படிச் சுவர் கட்டும் அளவுக்குத் துளிகள் இல்லை. பாலில் குமிழைத் தாங்குவது புரதம்தான். ஒரு லிட்டர் பாலில் சுமார் 33 கிராம் புரதம் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், மீதி, பால் திரிந்தால் தெளிநீரில் நிற்கிற வே புரதம்.

புரதம் எப்படித் தாங்குகிறது? ஒரு புரதத்தில் தண்ணீரோடு ஒட்டும் பகுதியும் உண்டு, தண்ணீரை ஒதுக்கும் பகுதியும் உண்டு. காற்றுக் குமிழ் ஒன்று உண்டானதும் தண்ணீரை ஒதுக்கும் பகுதி காற்றுப் பக்கம் திரும்பி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வே புரதங்கள் அங்கே போய்ச் சுருள் அவிழ்ந்து, பக்கத்தில் இருப்பதோடு கோத்துக்கொள்ளும். கூரைக்கு ஓலை வேய்வது மாதிரி. அந்த மெல்லிய தோல் இருக்கும் வரை இரண்டு குமிழ்கள் சேர்ந்து ஒரு பெரிய குமிழாக ஆவது கஷ்டம். தேவி, உங்களுக்கு மதியம் பெரிய குமிழ் வருகிறது என்றால், அந்தத் தோல் சரியாக வேயப்படவில்லை, அல்லது வேய்ந்த இடத்தில் ஏதோ ஓட்டை போடுகிறது என்று பொருள்.

குளிர்ந்த பாலில் காற்று கூடுதலாகக் கரையும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த அளவு மிகச் சொற்பம். உங்கள் ஜக்கில் நுரையாக நிற்பது, ஆவிக் குழாயின் முனை பாலின் மேற்பரப்பில் ஸ்ஸ் என்று கிழித்து உள்ளே இழுக்கும் வெளிக் காற்று.

தேவி, இரண்டு கேள்வி. ஜக்கில் ஊற்றிய பின், ஆவி திறக்கும் முன், பால் எத்தனை டிகிரி? ஜக்கில் மிஞ்சிய பாலை என்ன செய்கிறீர்கள்?

தேவி திருச்சி

ஐயா, இன்று தெர்மாமீட்டர் வாங்கி அளந்தேன். எனக்கே அதிர்ச்சிதான். காலையில் முதல் ஜக்கு 5 டிகிரி. மூன்று மணிக்கு ஃபிரிட்ஜுக்குள் இருந்த பாலே 13 டிகிரி. கவுன்டருக்குக் கீழே இருக்கும் சின்ன ஃபிரிட்ஜ், நாள் முழுக்கத் திறந்து மூடுகிறோம், பாலைக் கதவுப் பக்கம்தான் வைத்திருக்கிறோம். ஜக்கு மெஷினுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சூடாக இருக்கிறது. பாலை ஊற்றி அளந்தால் 19.

மிஞ்சிய பாலைக் கொட்ட மனசு வராது. அதன் மேலேயே புதுப் பாலை ஊற்றிக்கொள்வோம். அந்த மாதிரி ஜக்கில் அளந்தபோது 24 டிகிரி.

வினோத் கோவை

தேவி அக்கா, முழு ஜக்கு சூடாக எத்தனை விநாடி ஆகிறது? அதைச் சொன்னால் ஒரு கணக்கு போடலாம்.

தேவி திருச்சி

200 மில்லி, 5 டிகிரியிலிருந்து 61 வரை 28 விநாடி. 61-இல் நிறுத்திவிடுவேன்.

வினோத் கோவை

அப்படியென்றால் விநாடிக்கு சுமார் 2 டிகிரி ஏறுகிறது. ஆவிக் குழாயில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் முனையை மேற்பரப்பில் வைத்துக் காற்றை இழுப்பது. ஜக்கு கைக்கு வெதுவெதுப்பாகும்போது, அதாவது 37 டிகிரி வாக்கில், முனையைக் கொஞ்சம் உள்ளே இறக்கிப் பாலைச் சுழல விடுவது. அந்தச் சுழலில்தான் பெரிய குமிழ்கள் அரைபட்டுப் பொடியாகின்றன.

5 டிகிரியில் தொடங்கினால் 37 வருவதற்கு 16 விநாடி கிடைக்கிறது. 19-இல் தொடங்கினால் 9 விநாடி. 24 என்றால் 6 விநாடிதான், முனையை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்குள் முடிந்துவிடும். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? காலையில் வந்த அளவு நுரை வரவில்லையே என்று 50 டிகிரி வரைக்கும் காற்றை இழுத்திருப்பீர்கள். கடைசியில் உள்ளே போன குமிழைப் பொடியாக்க நேரம் இருந்திருக்காது.

வீட்டில் சின்ன மெஷின் வைத்திருக்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். குளிர்ச்சி என்பது முதலில் நேரம். கொழுப்பு, புரதம் எல்லாம் அதற்கு அப்புறம்தான் என்பது என் கருத்து.

தேவி திருச்சி

50 வரை இழுப்பது உண்மை. மதியம் அப்படித்தான் செய்கிறேன்.

சிவா டொராண்டோ

இங்கே கனடாவில் நான் கொழுப்பே இல்லாத ஸ்கிம் பால்தான் வாங்குகிறேன், வைத்தியர் சொல்லி. அது மேசையில் அரை மணி நேரம் கிடந்தாலும் நன்றாகவே நுரைக்கிறது. மனைவிக்கு வாங்கும் 3.25 சதவீதப் பால் அப்படி இல்லை, குளிர் போனால் நுரையும் போய்விடும். அப்போ குளிர்ச்சி வேண்டும் என்பது கொழுப்புக்காகத்தானே? நேரம் மட்டும் காரணம் என்றால் இரண்டு பாலும் ஒரே மாதிரி கெட வேண்டுமே.

ஒன்று சொல்ல வேண்டும், ஸ்கிம் பாலின் நுரை உயரமாக நிற்குமே தவிர வாயில் வைத்தால் காய்ந்த பஞ்சு மாதிரி. ருசி மனைவியின் கோப்பையில்தான் இருக்கிறது.

பால்பண்ணை சண்முகம்

சிவா, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். வினோத் சொன்ன நேரக் கணக்கும் சரி, நீங்கள் பார்த்ததும் சரி. இப்போது கொழுப்புக்கு வருகிறேன். இதை மத்தைக் கொண்டு சொன்னால் மீனா அம்மாவுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

அம்மா, தயிர் கடையும்போது வெயில் நாளில் வெண்ணெய் திரளாவிட்டால் என்ன செய்வீர்கள்?

மீனா அம்மாள்

பானைத் தண்ணீரைச் சில்லென்று ஊற்றுவோம். மார்கழியில் எதிர்மாறு, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால்தான் திரளும். ரொம்பச் சில்லென்று இருந்தால் எவ்வளவு கடைந்தாலும் மணல் மாதிரி நிற்கும், ரொம்பச் சூடாக இருந்தால் எண்ணெயாக மிதக்கும். இதற்கும் காபிக்கும் என்ன சம்பந்தம்?

பால்பண்ணை சண்முகம்

சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது. பாலின் கொழுப்பு தேங்காய் எண்ணெய் மாதிரி ஒரே அடியாக உறைந்து ஒரே அடியாக உருகுவதில்லை. பல விதக் கொழுப்புகள் கலந்தது அது. 5 டிகிரியில் பாதிக்கு மேல் கெட்டியாக இருக்கும். அறை வெப்பத்தில் கொஞ்சம் கெட்டி, மீதி எண்ணெய். 40 டிகிரி தாண்டினால் முழுக்க எண்ணெய்.

வெண்ணெய் திரள வேண்டுமென்றால் நடு நிலைதான் வேண்டும். ஒரு துளியின் கெட்டிப் படிகம் முள் மாதிரி நீட்டிக்கொண்டு அடுத்த துளியின் தோலைக் குத்தும். குத்திய இடத்தில் எண்ணெய் கசிந்து இரண்டையும் ஒட்டவைக்கும். முழுக்கக் கெட்டி என்றால் கசிய எண்ணெய் இல்லை. முழுக்க எண்ணெய் என்றால் குத்த முள் இல்லை. தண்ணீரின் குளிரையும் சூட்டையும் மாற்றி நம் பெண்கள் பிடித்து வைத்திருந்தது இந்த நடு நிலையைத்தான்.

வெண்ணெய்க்கு நல்லது நுரைக்குக் கெடுதல். அரைகுறையாக உருகிய துளி ஒன்று குமிழின் தோலில் வந்து மோதினால், அதன் எண்ணெய் அந்தத் தோலின் மேல் படரும். எண்ணெய் படர்ந்த இடத்தில் புரதம் விலகிவிடும். ஓலை விலகிய கூரை. அந்த இடத்தில் குமிழ் உடையும், பக்கத்துக் குமிழோடு சேர்ந்து பெரிதாகும். தேவி காதில் கேட்ட சொரசொர சத்தம் அதுதான்.

பால் 5 டிகிரியில் இருந்தால் துளிகள் பெரும்பாலும் கெட்டி, படர எண்ணெய் குறைவு. மீனா அம்மாவின் கொதித்த பாலில் துளிகள் முழு எண்ணெய், ஆனால் முள் இல்லை, ஒவ்வொரு துளியும் தன் தோலுக்குள்ளேயே உருண்டையாக நிற்கிறது, அதனால் டவராவில் ஆற்றும்போது நுரை நிற்கிறது. கெட்ட இடம் நடுவில், 15-இலிருந்து 35 டிகிரி வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவியின் 19-உம் 24-உம் சரியாக அதற்குள் விழுகின்றன. சிவாவின் ஸ்கிம் பாலில் துளியே இல்லை, அதனால் அதற்கு நடு நிலை என்று ஒன்று கிடையாது.

வினோத் கோவை

ஐயா, ஒரு சந்தேகம். 5 டிகிரியில் தொடங்கினாலும் பால் 15, 25, 35 எல்லாவற்றையும் தாண்டித்தானே 61-க்குப் போகிறது? கெட்ட இடத்தை அதுவும் கடக்கிறதே. அப்போது ஏன் குமிழ் உடையவில்லை?

பால்பண்ணை சண்முகம்

நியாயமான கேள்வி. என்னிடம் இருப்பது பாதி பதில்தான். முதல் சில விநாடிகளில், கொழுப்பு கெட்டியாக இருக்கும்போதே, உண்டான குமிழ்களின் மேல் புரதம் ஏறிவிடுகிறது. பிறகு கெட்ட இடத்தைக் கடக்க உங்கள் கணக்குப்படியே பத்து விநாடிதான். ஏற்கெனவே வேய்ந்த கூரையில் எண்ணெய் படர்வது, வெறும் கூரையில் படர்வதைவிடக் கடினம். 19-இல் தொடங்கினால் முதல் குமிழே கெட்ட இடத்தில் பிறக்கிறது.

ஆனால் ஆவிக் குழாயில் இதன் பங்கு எவ்வளவு, நீங்கள் சொன்ன நேரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சூடே ஏற்றாமல் நுரைத்துப் பார்த்தால் கொழுப்பின் பங்கு மட்டும் தனியாகத் தெரியும்.

வினோத் கோவை

செய்து பார்த்துவிட்டேன். பாட்டரியில் ஓடும் கை மத்து ஒன்று இருக்கிறது. ஒரே பாக்கெட் டோன்டு பால், மூன்று டம்ளரில் 100 மில்லி வீதம், ஒவ்வொன்றையும் 30 விநாடி அடித்தேன். டம்ளரில் கோடு போட்டு உயரம் பார்த்தேன்.

5 டிகிரியில் இருந்தது ஒன்றரை மடங்கு வரை வந்தது, குமிழ் பொடி. 25 டிகிரியில் இருந்ததுதான் மோசம், அடிக்கும்போதே மேலே வந்த குமிழ் உடைந்துகொண்டே இருந்தது, நிறுத்தியதும் கால் பங்குகூட மிஞ்சவில்லை. 60 டிகிரியில் இருந்தது மூன்றிலும் உயரம்.

நான் நேரம்தான் முதல் காரணம் என்றேன். கை மத்தில் மூன்றுக்கும் ஒரே நேரம்தான் கொடுத்தேன், ஆனாலும் 25 படுத்துவிட்டது. ஐயா சொன்ன கொழுப்புக் காரணம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆவிக் குழாயில் நேரம்தான் பெரிய பங்கு என்பதை இன்னும் விடவில்லை.

கார்த்தி எஸ்பிரஸோ

60-இல்தான் அதிக உயரம் என்றால் சில்லென்ற பால் எதற்கு? சூடான பாலிலேயே தொடங்கலாமே.

வினோத் கோவை

கை மத்துக்கு அப்படிச் செய்யலாம், நானே இப்போது பாலை அடுப்பில் சூடாக்கிவிட்டுத்தான் அடிக்கிறேன். ஆவிக் குழாயில் முடியாது. அங்கே நுரைப்பதும் சூடாக்குவதும் ஒரே வேலை. 60-இல் தொடங்கினால் இரண்டு விநாடியில் 64, ஐந்து விநாடியில் 70. 70-க்கு மேல் காய்ச்சிய வாடை வந்துவிடும்.

தேவி திருச்சி

என் பங்குக்கு நானும் நான்கு ஜக்கு போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே நாள் வந்த பாக்கெட்டுகள், ஜக்கையும் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்தேன், எல்லாவற்றிலும் 37 டிகிரியில் காற்றை நிறுத்தினேன்.

முதலாவது, அடித் தட்டில் இருந்து எடுத்த பால், 5 டிகிரி. காலை நுரை மாதிரியே வந்தது, சாயங்காலம் நாலு மணிக்கு!

இரண்டாவது, மேசையில் வைத்து 22 டிகிரி ஆன பால். குமிழ் பெரிது, கப்பில் சீக்கிரம் பிரிந்தது.

மூன்றாவது, அப்படி 22 ஆன பாக்கெட்டைக் கால் மணி நேரம் ஃப்ரீஸரில் போட்டு 6 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். இதுதான் புரியவில்லை. இரண்டாவதைவிடப் பரவாயில்லை, ஆனால் முதலாவது மாதிரி இல்லை. தெர்மாமீட்டரில் ஒரு டிகிரிதான் வித்தியாசம்.

நான்காவது, ஏற்கெனவே ஒருமுறை ஆவி கொடுத்து மிஞ்சிய பாலை ஃபிரிட்ஜில் வைத்து 5 டிகிரி ஆக்கி மறுபடி நுரைத்தது. நீர்த்துப்போய், பாத்திரம் கழுவிய நுரை மாதிரி வந்தது. இனிமேல் மிஞ்சிய பாலில் ஊற்றுவதே இல்லை.

பால்பண்ணை சண்முகம்

நான்காவதில் ஒரு பகுதி எளிய கணக்கு. 200 மில்லி பாலை 5-இலிருந்து 61-க்கு ஏற்ற சுமார் 18 கிராம் ஆவி அதில் தண்ணீராகக் கலக்கிறது. அதே பாலை மறுபடி குளிரவைத்து ஏற்றினால் இன்னொரு 18 கிராம். மொத்தத்தில் பாலில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றிய மாதிரி. அதோடு முதல் தடவையில் குமிழ்த் தோலுக்குப் போன புரதம் சுருள் அவிழ்ந்து கோத்துக்கொண்டது, குமிழ் உடைந்த பின் அது பழைய நிலைக்கு முழுக்கத் திரும்புவதில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. தெர்மாமீட்டர் பாலின் குளிரைக் காட்டும், கொழுப்பு கெட்டியாகிவிட்டதா என்று காட்டாது. துளி சின்னதாக இருந்தால் அதற்குள் முதல் படிகம் தோன்றவே நேரம் எடுக்கும். பண்ணையில் வெண்ணெய்க்கும் அடிக்கும் கிரீமுக்கும் பாலேட்டைக் குளிரவைத்த உடனே எடுக்க மாட்டோம். பல மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க, குளிரிலேயே ஊற வைப்போம். அவசரப்பட்டு எடுத்தால் கிரீம் நிற்காது. உங்கள் கால் மணி நேரப் பாக்கெட்டில் கொழுப்பு இன்னும் முழுக்கக் கெட்டியாகாமல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வினோத் கோவை

ஐயா, ஃப்ரீஸரில் பாக்கெட்டின் ஓரம் உறைந்திருக்கலாமே. ஓரத்தில் ஐஸ் ஆகி நடுவில் 10 டிகிரியாக இருந்து, கலந்து 6 காட்டியிருக்கலாம். உறைந்தால் கொழுப்புத் துளியின் தோலும் கிழியும். ஊறவைக்கும் நேரம்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

பால்பண்ணை சண்முகம்

அதுவும் இருக்கலாம். ஃப்ரீஸர் இல்லாமல் ஐஸ் தண்ணீரில் பாக்கெட்டை அலசி 6-க்குக் கொண்டுவந்து பார்த்தால் உங்கள் சந்தேகம் தீரும். நான் பந்தயம் கட்டவில்லை.

சிவா டொராண்டோ

தேவி, தலைப்பில் இல்லாத ஒன்று கேட்கிறேன். புதுப் பால் என்பதற்கும் குளிர்ந்த பால் என்பதற்கும் சம்பந்தம் உண்டா? எனக்கு இங்கே கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்னால் இருக்கும் பால், எவ்வளவு சில்லென்று இருந்தாலும் நுரைப்பதில்லை. புளிக்கவும் இல்லை.

தேவி திருச்சி

இதை நானே கேட்க இருந்தேன். சனிக்கிழமை மிஞ்சிய பாக்கெட்டைத் திங்கட்கிழமை எடுத்தேன், 5 டிகிரிதான் இருந்தது. மேலே எழும்பி வந்த நுரை கண் முன்னாலேயே இறங்கியது. காய்ச்சிப் பார்த்தேன், திரியவில்லை.

பால்பண்ணை சண்முகம்

இது வேறு ஆள் செய்யும் வேலை. பாலில் லைபேஸ் என்று ஒரு என்சைம் உண்டு, அது கொழுப்பை வெட்டும். மாட்டிலிருந்து வருவது பாஸ்ச்சரைஸ் செய்யும்போது பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் குளிரிலும் வளரும் சில பாக்டீரியா, கறந்த பால் காத்திருக்கும்போது அதில் தங்கள் லைபேஸை விட்டுவிட்டுப் போகும். பாக்டீரியா சூட்டில் செத்தாலும் அது விட்ட லைபேஸ் பிழைத்துக்கொள்ளும். பாக்கெட்டுக்குள் மெதுவாகக் கொழுப்பை வெட்டிக்கொண்டே இருக்கும். வெட்டுப்பட்ட துண்டுகள், அதாவது கொழுப்பு அமிலங்கள், ரொம்பச் சின்னவை. குமிழின் தோலுக்குப் புரதத்தைவிட வேகமாகப் போய் இடம் பிடித்துவிடும். பிடித்த இடத்தில் பக்கத்தில் இருப்பதோடு கோத்துக்கொள்ளத் தெரியாது. அதனால் நுரை எழும்பும், நிற்காது. புளிப்பு வேறு, இது வேறு. பால் திரியாமலேயே இது நடக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் பாலை வெதுவெதுப்பாக்கி வாயில் வைத்துப் பாருங்கள். கடைசியில் லேசாகக் கசந்தாலோ, சோப்பு மாதிரி, பழைய வெண்ணெய் மாதிரி வாடை வந்தாலோ அதுதான். அளவு குறைவாக இருந்தால் நாக்குக்குத் தெரியாது, நுரைக்கு முதலில் தெரிந்துவிடும். கசந்த பாலை எத்தனை குளிரவைத்தாலும் நுரை திரும்பாது. 22 டிகிரி ஆன பாலைக் குளிரவைத்தால் திரும்பும். இரண்டுக்கும் அதுதான் வித்தியாசம்.

ஜக்கை எதில் கழுவுகிறீர்கள் என்றும் பாருங்கள். பாத்திர சோப்பு கொஞ்சம் மிஞ்சினாலும் கொழுப்பு அமிலம் செய்யும் அதே வேலையைச் செய்யும்.

மீனா அம்மாள்

சண்முகம், நாங்கள் காய்ச்சித்தானே ஃபிரிட்ஜில் வைக்கிறோம். என் பேத்தி அந்தப் பாலைத்தான் மெஷினில் நுரைக்கிறாள், ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை. அதற்கு என்ன காரணம்?

பால்பண்ணை சண்முகம்

அம்மா, காய்ச்சுவதால் நுரை கெடாது. வே புரதம் சூட்டில் அவிழ்ந்து கேசீனோடு ஒட்டிக்கொள்ளும், அந்தப் பாலும் நன்றாகவே நுரைக்கும். நாளுக்கு நாள் மாறுவது ஆடையால் என்று நினைக்கிறேன். மேலே படியும் ஆடையில் கொழுப்பும் இருக்கிறது, புரதமும் இருக்கிறது. ஒரு நாள் எடுத்துவிடுகிறீர்கள், ஒரு நாள் உடைத்துக் கலக்கிவிடுகிறீர்கள். உடைந்த ஆடைத் துணுக்கு கொழுப்புக் கட்டியாகக் குமிழில் மோதும். பேத்தியை வடிகட்டி, ராத்திரி முழுக்கக் குளிரவைத்து நுரைக்கச் சொல்லுங்கள்.

கார்த்தி எஸ்பிரஸோ

ஐயா, நான் 6 சதவீதம் என்று சொன்னது தப்புதானா? என் கடையில் ஃபுல் கிரீம்தான் போடுகிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

பால்பண்ணை சண்முகம்

தப்பில்லை தம்பி. உங்கள் பால் 4, 5 டிகிரியில் நிற்கிறது, அதனால் கொழுப்பு உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. வாயில் வைக்கும்போது அந்த வழுவழுப்பு 6 சதவீதத்தில்தான் கிடைக்கும். இன்னொன்றும் இருக்கிறது, ஃபுல் கிரீமுக்குக் கொழுப்பில்லாத திடப்பொருள் 9 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம், டோன்டுக்கு 8.5. புரதமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. நுரை நிற்பது கொழுப்பால் என்று சொன்னதைத்தான் நான் மறுத்தேன். உங்கள் பால் 20 டிகிரி ஆனால், தேவியின் டோன்டைவிட மோசமாக விழும். அது அவருடைய ஃபிரிட்ஜுக்கு ஏற்ற பால் இல்லை.

கார்த்தி எஸ்பிரஸோ

20 டிகிரியில் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன் ஐயா. விழுமா விழாதா என்று நேரிலேயே பார்த்துவிட வேண்டும்.

தேவி திருச்சி

இப்போது செய்திருப்பதைச் சொல்கிறேன். பால் கதவிலிருந்து அடித் தட்டுக்குப் போய்விட்டது. இரண்டு ஜக்கு, ஒன்று வேலையில், ஒன்று ஃபிரிட்ஜில். ஒரு கப்புக்கு எவ்வளவோ அவ்வளவுதான் ஊற்றுகிறோம், மிஞ்சினால் வீட்டுக்குத் தயிருக்கு. மூன்று நாளாக மதிய நுரை காலை நுரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்று ஐந்து மணிக்கு மட்டும் ஒரு ஜக்கு படுத்தது, 7 டிகிரி, புதுப் பாக்கெட், கசப்பு இல்லை. காரணம் தெரியவில்லை.

ஐஸ் தண்ணீர்ச் சோதனையை ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். ஒரே நாள் பாக்கெட் மூன்று, ஒன்று ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில், ஒன்று ஐஸ் தண்ணீரில் 6 டிகிரி ஆனவுடன், ஒன்று ஐஸ் தண்ணீரிலேயே மூன்று மணி நேரம். வினோத், வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

வினோத் கோவை

மூன்றையும் யாராவது எண் மட்டும் எழுதிக் கொடுக்கட்டும், எது எது என்று உங்களுக்குத் தெரியாமல் நுரையுங்கள். பாக்கெட்டின் நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள்.

பால்பண்ணை சண்முகம்

அந்த ஐந்து மணி ஜக்கைக் கழுவியது யார், எதில் என்றும் விசாரித்து எழுதுங்கள்.